மூன்று மணிக்கே விழித்துக்கொள்ளும் மாமனார்

"என் மாமனாருக்கு வயது 76. செம்பூரில் எங்களோடு இருக்கிறார். ராத்திரி எட்டேகாலுக்குப் படுத்துவிடுவார். நடுவில் இரண்டு தடவை பாத்ரூம். மூன்று மணிக்கு எழுந்து, ட்யூப்லைட்டைப் போட்டு, காபி கலந்து குடித்துவிட்டு, ஐந்தரைக்கு கீழே நடக்கப் போவார். பத்தாவது படிக்கும் மகன் ஹாலில்தான் படுக்கிறான், அவன் தூக்கம் கெடுகிறது. மாமாவோ காலை ஒன்பதுக்கு நாற்காலியில் அரை மணி, சாப்பிட்டபின் ஒன்றேகால் மணி, சாயங்காலம் ஆறரைக்கு டிவி முன்னால் அரை மணி என்று தூங்குகிறார். ராத்திரித் தூக்கம் போதவில்லையா? தூக்க மாத்திரை கொடுக்கலாமா?"
— ஒரு வாசகி, மும்பை

மாத்திரை வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் நேரங்களைக் கூட்டிப் பார்த்தாலே காரணம் தெரியும். எட்டேகாலிலிருந்து மூன்று மணி வரை ஆறே முக்கால் மணி நேரம். பாத்ரூம் போய்வந்து மறுபடி கண் அசர முக்கால் மணி போனாலும் ஆறு மணி நேரம் தூங்குகிறார். பகல் தூக்கம் மூன்றும் சேர்ந்து இரண்டேகால் மணி. ஆக மொத்தம் எட்டேகால் மணி நேரம். 65 வயதுக்கு மேல் 7 முதல் 8 மணி நேரம் போதும் என்பதுதான் பொதுவான பரிந்துரை. உங்கள் மாமாவின் தூக்கம் குறையவில்லை, சிதறியிருக்கிறது. அதோடு, சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

சீக்கிரம் தொடங்குவதற்குக் காரணம், வயதாக ஆக மூளைக்குள் இருக்கும் உடல் கடிகாரம் முன்னால் நகர்ந்துவிடுவது. இருபது வயதில் நள்ளிரவுக்கு வந்த தூக்கம் எழுபதில் எட்டு மணிக்கே வந்து நிற்கும். அப்புறம், ஆழ்ந்த தூக்கத்தின் பங்கும் குறைந்துவிடும். இளவயதில் பாத்திரம் விழுந்தாலும் கேட்காது. இந்த வயதில் சிறுநீர்ப்பை கொஞ்சம் நிறைந்தாலே விழிப்புத் தட்டும்.

பகல் தூக்கத்தின் கதை வேறு. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது சேரச் சேரத் தூக்கம் அழுத்தும், தூங்கினால் வடியும். ஆறரைக்கு டிவி முன்னால் அரை மணி அசந்தால், அதுவரை சேர்ந்ததில் ஒரு பகுதி அங்கேயே வடிந்துவிடுகிறது. மிச்சத்தை வைத்துக்கொண்டு எட்டேகாலுக்குப் படுத்தால் முதல் சில மணி நேரம் நன்றாகத் தூங்குவார். இரண்டு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் மறுபடி இழுத்துப்போட அழுத்தம் இருக்காது. மூன்று குட்டித் தூக்கங்களில் அதிகம் கெடுப்பது அந்தச் சாயங்காலத் தூக்கம்தான். முதலில் அதை நிறுத்துங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

நிறுத்துவது எப்படி? "தூங்காதீங்க மாமா" என்று சொல்லிப் பயனில்லை, நாற்காலியில் உட்கார்ந்தால் தூக்கம் வரத்தான் செய்யும். ஐந்தரையிலிருந்து இருட்டும்வரை அவரைக் கீழே அனுப்புங்கள். சொசைட்டி காம்பவுண்டோ, பக்கத்துத் தோட்டமோ, கோயிலோ, எதுவானாலும் வெட்டவெளியாக இருக்க வேண்டும். தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வது மட்டும் இதில் நோக்கமில்லை. சாயங்கால வெளிச்சம் உடல் கடிகாரத்தைப் பின்னால் தள்ளும். விடிகாலை வெளிச்சம் முன்னால் இழுக்கும். இரவில் உடல் வெப்பம் மிகவும் தாழும் ஒரு நேரம் உண்டு, வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி முன்னால். அதற்கு முன் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னால் தள்ளும், அதற்குப் பிறகு படுவது முன்னால் இழுக்கும்.

இப்போது அவருடைய நாளைப் பாருங்கள். மூன்று மணிக்கு ட்யூப்லைட், ஐந்தரைக்கு நடை. மும்பையில் ஜூன் மாதம் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் உதித்துவிடும், நடந்து முடிப்பதற்குள் நல்ல வெளிச்சம். சாயங்காலம் ஏழேகால் வரை வெயில் இருந்தும் அவர் ஹாலில். கடிகாரத்தை முன்னால் இழுப்பதெல்லாம் கிடைக்கிறது, பின்னால் தள்ளுவது கிடைப்பதில்லை. விடிகாலை நடை நல்லது என்று நாம் எல்லோருமே சொல்லி வளர்ந்தவர்கள், ஆனால் இந்த ஒரு சிக்கலில் அது எதிரி. அந்த நடையைச் சாயங்காலத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். மழைக்காலம் என்றால் பால்கனியிலோ வராந்தாவிலோ உட்காரலாம். மேகமூட்டமான வானத்தின் வெளிச்சம்கூட ஹால் விளக்கைவிடப் பல மடங்கு. டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்டிவிடும், அப்போது நாலரைக்கே இறங்க வேண்டும். கண்புரை இருந்தால் வெளிச்சம் உள்ளே போவதே குறைவு, அதையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

மூன்று மணி விழிப்புக்கு: ட்யூப்லைட் வேண்டாம், பாத்ரூம் வழியில் தரையோரமாக ஒரு மங்கலான மஞ்சள் விளக்கு போதும். கும்மிருட்டாக்கிவிடாதீர்கள், விழுந்துவிடுவார். காபி ஐந்து மணிக்கு முன் கிடையாது என்று பேசி வையுங்கள். மூன்று மணிக்கே காபி கிடைக்கும் என்று பழகிவிட்டால் அந்த விழிப்பு ஒரு வழக்கமாகவே ஊறிவிடும். டிகாக்‌ஷனை நீங்களே காலையில் இறக்குவதாகச் சொன்னால் சண்டை வராது என்று நினைக்கிறேன்.

படுக்கும் நேரத்தை ஒரேயடியாக மாற்றாதீர்கள். நாலைந்து நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் தள்ளி, ஒன்பதரைக்குக் கொண்டுவாருங்கள். மதியத் தூக்கம் இருக்கட்டும், ஆனால் அரை மணியில் எழுப்பிவிட வேண்டும், மூன்று மணிக்கு மேல் கூடாது. முதல் வாரம் பகலில் இன்னும் சோர்வாக இருப்பார், விழிப்பு அதே மூன்று மணிக்குத்தான் வரும். அங்கேதான் பல வீடுகளில் கைவிட்டுவிடுகிறார்கள். மூன்று நான்கு வாரம் பொறுத்தால் நாலு, நாலரை வரை நகர வாய்ப்பு உண்டு. ஆறரை மணிக்கு எழ வைக்க முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அந்த இரண்டு பாத்ரூம் பயணத்துக்கும் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். பிபி மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'எச்' என்று ஒட்டியிருந்தால், பெரும்பாலும் அதில் நீர் பிரியவைக்கும் மருந்து சேர்ந்திருக்கும். அதை இரவில் போட்டுக்கொண்டிருந்தால், காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம். சாயங்காலம் கால் வீங்குகிறதென்றால் மதியம் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைக்கட்டும். படுத்தபின் காலிலிருந்து திரும்பும் நீர்தான் ராத்திரி சிறுநீராக இறங்குகிறது. வீக்கம் புதிதாக வந்ததென்றால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அல்பிரசோலம் மாதிரியான தூக்க மாத்திரைகளை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், இந்த வயதில் அதன் மயக்கம் ராத்திரியோடு போவதில்லை. பாத்ரூமுக்கு எழும்போது தடுமாறி இடுப்பு எலும்பு உடைவதும், குழப்பமாகப் பேசுவதும் இதில் உண்டு. தூக்கம் வர இருமல் மருந்து கொடுப்பதும் அதே கதைதான்.

இதெல்லாம் பல வருடமாக மெல்ல மெல்ல வந்த பழக்கத்துக்கான பதில். குறட்டை நடுவில் மூச்சு நின்று திணறினாலோ, விடிகாலையில் விழித்து மனம் கனத்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நேற்றுவரை பேப்பர் படித்தவர் இரண்டு மூன்று நாளில் திடீரென்று பகல் முழுக்கத் தூங்க ஆரம்பித்தால் வயது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றாகவோ, நீர் மாத்திரையால் ரத்தத்தில் சோடியம் இறங்கியதாகவோ இருக்கலாம். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை வேண்டும்.