பிளேன்ரீ குடித்ததும் வரும் சிகரெட் ஆசை

சிகரெட்டை விட்டு 5 நாள். பிளேன்ரீ குடித்ததும் வரும் ஆசையை எப்படித் தாண்டுவது?

இது திடீரென எழுந்து, பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே தணிந்துவிடும் உந்துதல். தேநீரும் சிகரெட்டும் வருடக்கணக்கில் சேர்ந்தே போனதால், ஒன்று வாயில் பட்டதும் மூளை மற்றதைக் கேட்கிறது. மார்கழியில் கல்லடிப் பாலத்தடியில் மழை பிடித்தால் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்குவோமே, அதுபோலத்தான். மழையை நிறுத்த வேண்டியதில்லை, ஒதுங்கினால் போதும்.

முதலில் மணியைப் பாருங்கள். 4.10 என்றால், 4.20 வரை முடிவெடுப்பதில்லை. "இனி எப்போதும் இல்லை" என்று நினைத்தால் மனம் முரண்டு பிடிக்கும். பத்து நிமிடத்துக்கு அது ஒத்துக்கொள்ளும். மூக்கால் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, வாயால் ஆறு எண்ணி விடுங்கள். சிகரெட் தந்த நிம்மதியில் ஒரு பங்கு அந்த நீண்ட மூச்சினுடையதுதான். வேகமாக இழுத்தால் தலை சுற்றும், அவசரம் வேண்டாம். அப்புறம் ஒரு கிளாஸ் தண்ணீரை மிடறு மிடறாகக் குடியுங்கள். வாய்க்கும் கைக்கும் வேலை கிடைக்கும்.

பலர் பிசகுவது கவனத்தைத் திருப்பும் இடத்தில். புகைக்கிறவர்கள் பக்கத்தில் இருந்துகொண்டு போனைப் பார்ப்பது உதவாது. எழுந்து வாவிக்கரைப் பக்கம் நடந்துவிடுங்கள்.

புகைக்காவிட்டால் ஆசை ஏறிக்கொண்டே போகும் என்று பலர் நம்புகிறார்கள். புகைக்காமலே அது இறங்கிவிடும், மறுபடி வந்தாலும் அப்படியே.