பக்கக் கண்ணாடி இரண்டும் இடிபட்டால்: பிட்யூட்டரி கட்டி கேள்வி பதில்

ஹார்மோன் டாக்டராக 26 வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது பினாங்கில் வீட்டோடு இருக்கிறேன். மூக்குக்குப் பின்னால், மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் உட்கார்ந்திருக்கும் சுரப்பியைப் பற்றி மட்டும் இன்று கேளுங்கள். ரிப்போர்ட் போடுகிறவர்கள் பெயரையும் ஐசி நம்பரையும் மறைத்துவிட்டுப் போடவும்.

பிறை, லோரிக்காரர் மனைவி: என் வீட்டுக்காரர் மூணு மாசத்துல லோரியோட ரெண்டு பக்கக் கண்ணாடியையும் உடைச்சிட்டார். நடக்கும்போது பக்கத்துல வர்ற ஆளை இடிக்கிறார். ஆனா கண்ணாடிக் கடையில எழுத்தெல்லாம் சரியா படிக்கிறார். வயசு 46.

அம்மா, அவரை இன்றிலிருந்து லோரி எடுக்க விடாதீர்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

சுவரில் மாட்டிய எழுத்தை வாசிப்பது நடுப்பார்வை. இவர் இழந்திருப்பது ஓரப்பார்வையாக இருக்கலாம். வெளிப்பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும் நரம்பிழைகள் இரண்டு கண்ணிலிருந்தும் வந்து, பிட்யூட்டரிக்கு நேர் மேலே ஒன்றையொன்று குறுக்கே தாண்டிப் போகின்றன. கீழிருந்து ஒரு கட்டி வளர்ந்து முட்டினால் அந்தக் குறுக்குப் பாதைதான் முதலில் நசுங்கும். வலது கண்ணுக்கு வலப்புறமும் இடது கண்ணுக்கு இடப்புறமும் மங்கும். பெரும்பாலும் மேல் மூலையில் ஆரம்பித்துக் கீழே இறங்கும். மெதுவாக நடப்பதால் அவருக்கே தெரியாது. உடைந்த கண்ணாடிதான் சொல்லும்.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். எதிரெதிரே உட்காருங்கள். அவர் இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு உங்கள் மூக்கைப் பார்க்கட்டும். நீங்கள் ஒரு விரலை ஆட்டிக்கொண்டே அவருடைய வலப்பக்க வெளியிலிருந்து நடுவுக்குக் கொண்டு வாருங்கள். எப்போது தெரிகிறது என்று கேளுங்கள். அடுத்து மற்ற கண். ஒவ்வொரு கண்ணாகத்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் இரண்டும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது கொஞ்சம் மூடிவிடும். விரல் கிட்டத்தட்ட நடுக்கோட்டுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது என்றால் சந்தேகம் வலுவாகிறது. நன்றாகத் தெரிகிறது என்று சொன்னாலும் அதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள், இது முரட்டுச் சோதனை.

இந்த வாரமே கிளினிக் கெசிஹாத்தானில் கடிதம் வாங்கிக் கண் பிரிவுக்குப் போங்கள். "பவர் பாருங்கள்" என்று கேட்காமல் "பார்வைப் பரப்புச் சோதனை வேண்டும்" என்று கேளுங்கள். கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் முகத்தை வைத்துப் புள்ளி வெளிச்சம் தெரியும்போது பட்டனை அழுத்துவது அது. படத்தில் கருமை நடுக்கோட்டில் வெட்டியது போல நின்றால், சிக்கல் கண்ணுக்குள் இல்லை, பின்னால் இருக்கிறது. அப்புறம் எம்.ஆர்.ஐ., ரத்தச் சோதனை.

இன்னொன்று. தாம்பத்தியத்தில் நாட்டம் குறைந்ததா, சவரம் செய்யும் இடைவெளி கூடியதா என்று தனியாகக் கேளுங்கள். ஆண்கள் இதை டாக்டரிடம் சொல்ல மாட்டார்கள். திடீரென்று மண்டை வெடிக்கிற வலி, வாந்தி, இரட்டைப் பார்வை வந்தால் கடிதத்துக்குக் காத்திருக்காமல் நேராக எமர்ஜென்சி. கட்டிக்குள் ரத்தம் கசிந்தால் அப்படித்தான் வரும்.

ஆயர் ஈத்தாம்: தலைவலிக்கு ஸ்கேன் எடுத்ததில் பிட்யூட்டரியில் 4 மி.மீ. கட்டி என்கிறார்கள். கண் போய்விடுமா?

போகாது. 4 மி.மீ. அந்த நரம்பை எட்டாது. காரணமே இல்லாமல் ஸ்கேன் எடுத்தாலும் பத்துப் பேரில் ஒருவருக்கு இப்படிச் சின்னதாக ஏதாவது தெரியும். ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துவிட்டு, ஒரு வருடம் கழித்துத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுத்தால் போதும். தலைவலிக்கு வேறு காரணம் தேடுங்கள்.

சுங்கை டுவா: என் அண்ணனுக்கு 28 மி.மீ. கட்டி, ஓரப்பார்வை குறைஞ்சிருக்கு. புரோலாக்டின் 1,310, அதிகம்னு சிவப்புல போட்டிருக்கு. புரோலாக்டின் கட்டி மாத்திரையிலேயே சுருங்கும்னு படிச்சேன். அப்புறம் ஏன் ஆபரேஷன் தேதி கொடுக்கிறாங்க?

பாதி சரியாகப் படித்திருக்கிறீர்கள், தம்பி. புரோலாக்டின் என்பது பால் சுரக்க வைக்கும் பிட்யூட்டரி ஹார்மோன். பிட்யூட்டரி கட்டிகளில் பல வகை உண்டு. கண்ணை அழுத்தினால்கூட முதலில் கத்தி வைக்காமல் மாத்திரையில் ஆரம்பிக்கிற வகை புரோலாக்டின் சுரப்பது ஒன்றுதான். அதனால் ஆபரேஷனுக்கு முன்னால் புரோலாக்டின் பார்க்காமல் யாரும் கை வைக்கக் கூடாது. இதை நான் இன்றைக்குப் பலமுறை சொல்வேன்.

ஆனால் அந்த எண்ணைத் தனியாகப் படிக்கக் கூடாது, கட்டியின் அளவோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஆணுக்கு ஏறத்தாழ 400 மில்லியூனிட்டுக்குள் சாதாரணம். உண்மையான புரோலாக்டின் கட்டி 28 மி.மீ. வளர்ந்திருந்தால் எண் பல ஆயிரங்களில் நிற்கும். மூளையிலிருந்து பிட்யூட்டரிக்கு ஒரு காம்பு இறங்குகிறது. புரோலாக்டினைச் சுரக்காதே என்று அடக்கி வைக்கும் டோப்பமின் அதன் வழியாகத்தான் வருகிறது. எந்தக் கட்டியாக இருந்தாலும் அந்தக் காம்பை நெரித்தால் கட்டுப்பாடு தளர்ந்து புரோலாக்டின் கொஞ்சம் ஏறும். பொதுவாக 2,000க்குக் கீழேதான் நிற்கும். உங்கள் அண்ணன் எண் அப்படித்தான் தெரிகிறது. அப்படியென்றால் மாத்திரை புரோலாக்டினை இறக்கும், கட்டி அப்படியே இருக்கும், கண் போய்க்கொண்டே இருக்கும்.

தெரிகிறது என்றுதான் சொன்னேன். நான் பார்த்த ஒருவருக்கு 34 மி.மீ. கட்டி, புரோலாக்டின் 1,740. எல்லோரும் காம்பு நெரிபட்ட கேஸ் என்றே முடிவு செய்து ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை, நாலு வருடமாக ஆண்மைக் குறைவு. லேபுக்குப் போன் போட்டு, அதே ரத்தத்தை நூறு மடங்கு நீர்த்துத் திரும்பப் பார்க்கச் சொன்னேன். நீர்த்த பிறகும் 1,860 வந்தது. நூறால் பெருக்குங்கள்: 1,86,000. ஆபரேஷனை நிறுத்திவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு ராத்திரியில் கேபர்கோலின் அரை மில்லிகிராம், வாரம் இரண்டு தரம் கொடுத்தோம். மூன்றாவது வாரம் கண் சோதனையில் கறுப்புப் பாதிக்கு மேல் விலகியிருந்தது. ஆறு மாதத்தில் கட்டி நரம்பை விட்டு இறங்கிவிட்டது.

எண் ஏன் ஏமாற்றியது? சோதனையில் இரண்டு கை உண்டு என்று வையுங்கள். ஒரு கை குழாயோடு ஒட்டியது, இன்னொன்று வெளிச்சம் தருவது. புரோலாக்டின்தான் பந்து. ஒரே பந்தை இரண்டு கையும் பிடித்தால்தான் மெஷின் எண்ணும். பந்து அளவுக்கு மீறிக் குவிந்தால் ஒட்டிய கை ஒன்றைப் பிடிக்கும், வெளிச்சக் கை வேறொன்றைப் பிடிக்கும். கழுவும்போது வெளிச்சக் கை பந்தோடு ஓடிப்போகும். எண் குறைவாக வரும்.

கிள்ளான் பள்ளத்தாக்கு லேப்: டாக்டர், 18 வருஷமா லேப்ல இருக்கேன். இது பழைய கதை. இப்போதைய மெஷின்கள் ரெண்டு கட்டமா செய்யும், நடுவுல ஒரு தடவை கழுவும். சும்மா பயமுறுத்தி எல்லா கேஸுக்கும் நீர்க்கச் சொன்னா வேலை நின்னுடும்.

எல்லா கேஸுக்கும் என்று நான் சொல்லவில்லை. கட்டி பெரியது, எண் சின்னது, இரண்டும் பொருந்தவில்லை என்றால் மட்டும். புது மெஷின்களில் இது அரிது என்பது சரிதான். ஆனால் எந்த மெஷின் எந்த முறையில் செய்கிறது என்று படிவத்தில் எழுதுகிற டாக்டருக்குத் தெரியுமா?

கிள்ளான் பள்ளத்தாக்கு லேப்: தெரியாதுதான். ஆனா படிவத்துல "34 மி.மீ. கட்டி"ன்னு ஒரு வரி எழுதினா நாங்களே செய்வோமே? வர்றதுல பாதி படிவத்துல "புரோலாக்டின், நன்றி"ன்னு மட்டும்தான் இருக்கும்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. வாங்கிக்கொள்கிறேன்.

பாயான் பாரு: எனக்கும் புரோலாக்டின் 1,100 இருக்கு, பால் மாதிரி கசியுது. மாதவிலக்கு தள்ளிப் போகுது. இன்னும் எம்.ஆர்.ஐ. எடுக்கலை. நானும் நீர்க்கச் சொல்லணுமா?

வேண்டாம்மா, அது பெரிய கட்டி ஸ்கேனில் தெரிந்தவர்களுக்கு. உங்களுக்கு முதல் வேலை கர்ப்பச் சோதனை. அடுத்தது தைராய்டு, அது குறைந்தாலும் புரோலாக்டின் ஏறும். மூன்றாவது, வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் டோம்பெரிடோன், மெட்டோக்குளோப்பிரமைடு மாதிரி மாத்திரை எடுக்கிறீர்களா என்று பாருங்கள். மனநல மாத்திரைகளில் சிலவும் ஏற்றும், அதை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். இவை எல்லாம் இல்லை என்றான பிறகுதான் எம்.ஆர்.ஐ.

தாமான் செந்தூல்: அப்பாவுக்குத் தலைவலி, கட்டியா இருக்குமா டாக்டர்?

மறுபடியும் தலைவலிக் கேள்வி. வெறும் தலைவலிக்கு என் பதில் மேலே ஆயர் ஈத்தாமுக்குச் சொன்னதுதான்.

புக்கிட் மெர்தாஜம்: ஆறு மாசமா கேபர்கோலின் சாப்பிடுறேன். கட்டி குறைஞ்சது. ஆனா முன்னாடி தீபாவளிக்கு மட்டும் நாலு நம்பர் எடுக்கிறவன், இப்ப வாரம் மூணு தடவை முந்நூறு முந்நூறா எடுக்கிறேன். சம்சாரம் சண்டை. இதுக்கும் மாத்திரைக்கும் சம்பந்தம் இருக்குமா?

இருக்கும். நல்ல வேளை கேட்டீர்கள். இந்த மாத்திரை டோப்பமின் வேலையைச் செய்கிறது. சிலருக்குச் சூதாட்டம், கண்டபடி பொருள் வாங்குவது, அளவுக்கு மீறிய காம இச்சை என்று கட்டுப்பாடு தளர்கிறது. ஆட்கள் அதைத் தங்கள் குணக்கேடு என்று நினைத்து வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காமல் இந்த வாரமே உங்கள் கிளினிக்குக்குப் போன் செய்து இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். குறைப்பதா நிறுத்துவதா என்று அவர்கள்தான் கட்டியின் இப்போதைய அளவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதுவரை ஏடிஎம் கார்டு சம்சாரத்திடம் இருக்கட்டும்.

ஈப்போ ரோடு: முகம் வட்டமா உப்பிடுச்சு, வயிறு பெருத்துடுச்சு, லேசா தொட்டாலே தோல் கன்னிப் போகுது. குஷிங்னு நினைக்கிறேன், இதுவும் பிட்யூட்டரி கட்டிதானே?

பிட்யூட்டரி கட்டியாலும் வரும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி: முட்டிவலிக்கு ஜாமுவோ, ஓன்லைனில் வாங்கிய பவுடரோ சாப்பிடுகிறீர்களா?

ஈப்போ ரோடு: ஆமா, ஒரு வருஷமா. ஆனா அது முழுக்க மூலிகைன்னு சொன்னாங்க.

சொல்லத்தான் செய்வார்கள். இப்படிப்பட்ட பவுடர்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது நம் நாட்டில் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. டப்பாவை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். நாளைக்கே தூக்கி எறிந்துவிடவும் வேண்டாம், இதுதான் என் நிரந்தர எச்சரிக்கை. ஒரு வருடம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்ததால் உங்கள் சொந்தச் சுரப்பி தூங்கியிருக்கும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே சாய்ந்துவிடலாம். மெதுவாக இறக்கித்தான் நிறுத்த வேண்டும்.

சுங்கை டுவா: டாக்டர், அண்ணனோட டாக்டருக்கு மெசேஜ் பண்ணி நீர்த்துப் பார்த்தாச்சு. பெருக்கின கணக்குக்கு 1,290 தான். அடுத்த வியாழன் ஆபரேஷன், மூக்கு வழியா. அண்ணன் பயப்படுறார்.

அப்படியென்றால் காம்பு நெரிபட்ட கேஸ்தான், ஆபரேஷன்தான் சரி. லேப்காரருக்கு ஒரு புள்ளி.

இரண்டு விஷயம் மட்டும் கேட்டு வையுங்கள். கார்ட்டிசோல் பார்த்தாயிற்றா என்று ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள். கார்ட்டிசோலும் தைராய்டும் இரண்டும் குறைந்திருந்தால் முதலில் ஹைட்ரோகார்ட்டிசோன், பிறகுதான் தைராக்சின். மாற்றிக் கொடுத்தால் ஆபத்து. வீட்டுக்கு வந்த பிறகு, குனியும்போது மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரி தெளிவாகச் சொட்டினால் சளி என்று விடாமல் திரும்பக் கூட்டிப் போங்கள், மூளைநீர் கசியலாம். ஒரு வாரம் கழித்து உப்புச் சத்து பார்க்கும் ரத்தச் சோதனைக்கு நாள் கொடுப்பார்கள், அதைத் தவற விடாதீர்கள். நல்லாத்தானே இருக்கிறார் என்று நினைக்கும் அந்த நாட்களில்தான் சோடியம் இறங்கும். தலைவலியும் குமட்டலும் குழப்பமும் வந்தால் அன்றைக்கே போங்கள்.

வெள்ளிக்கிழமை அவருக்கு விரலை ஆட்டிப் பாருங்கள். எங்கே தெரிகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.