பால்கனி கதவுக்கு எந்தக் கண்ணாடி? கேள்வி பதில்

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, மாடி பால்கனிக்கு ஆறடி அகலம், ஏழடி உயரத்துல ரெண்டு பலகை ஸ்லைடிங் கதவு. 8 மி.மீ. சாதா கண்ணாடி போட்டா கனமா இருக்கும், உடையாதுன்னு கடைக்காரர் சொல்லுதார். சரியா?

கனம் கூடினால் லேசில் உடையாது, அது சரி. ஆனால் கதவுக்கு அதைவிட முக்கியம், உடைந்தால் எப்படி உடையும் என்பது. சாதா கண்ணாடி எத்தனை மி.மீ. இருந்தாலும் கத்தி மாதிரி நீளத் துண்டுகளாகத்தான் பிளக்கும். மேல் சட்டத்தில் தொங்கும் துண்டு, கீழே பெருக்க வந்தவர் மேல் விழும். தரையிலிருந்து 75 செ.மீ.க்குள் தொடங்கும் எந்தக் கண்ணாடிக்கும் சாதா வேண்டாம் என்பதே என் கணக்கு.

சட்டம் போக உங்கள் பலகை ஒன்றுக்குக் கண்ணாடி 85 × 195 செ.மீ. வரும், ஏறக்குறைய 1.66 சதுர மீட்டர். நம் வட்டாரத்துக்குக் கணக்கில் எடுக்கும் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு 93 கிலோ அழுத்தம், ஒரு பலகைக்கு 150 கிலோவுக்கு மேல். டஃபன்ட் என்பது சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்துப் பலமாக்கிய கண்ணாடி. நாலு பக்கமும் சட்டத்தில் உட்கார்ந்த 6 மி.மீ. டஃபன்ட் இதைச் சிரமமில்லாமல் தாங்கும். உடைந்தாலும் மணி மணியாக உதிரும்.

எடையையும் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒவ்வொரு மி.மீ.க்கும் 2.5 கிலோ. 6 மி.மீ. என்றால் பலகை 25 கிலோ, 8 மி.மீ. என்றால் 33. அலுமினியச் சட்டத்தின் எடையும் இதோடு சேரும். ரோலர் அதைத் தாங்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பணகுடி: எங்க வீட்டு ஜன்னல் நாலுக்கு நாலு, 4 மி.மீ. சாதா. ஆனி, ஆடிக் காத்துல கடகடன்னு ஆடுது. டஃபன்ட் மாத்தினா நிக்கும்லா? அது நாலு மடங்கு பலம்னு சொல்லுதாங்க.

பலம் நாலு மடங்கு என்பது உண்மை. விறைப்பு கூடாது. 4 மி.மீ. சாதா எவ்வளவு வளையுமோ, 4 மி.மீ. டஃபன்டும் அவ்வளவே வளையும், உடையாது என்பதுதான் வித்தியாசம். வளைவைக் குறைக்கக் கனம்தான் வழி. 6 மி.மீ. போட்டால் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நேரே அடிக்கும் சுவரானால் 6 மி.மீ. டஃபன்டே போடுங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. காற்று அடிக்கும்போது, கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் பீடிங் பட்டையை ஓரமாக விரலால் அழுத்துங்கள். சத்தம் நின்றால் ரப்பர் கேஸ்கட் சுருங்கியிருக்கிறது, அதை மாற்றினாலே போதும். நடுவில் கண்ணாடி உள்ளங்கைக்குத் துடித்தால் கனம் போதவில்லை.

தென்காசி: லேமினேட்டட்னா மேல ஒட்டுத பிலிம்தானே? நானே வாங்கி ஒட்டிக்கிடலாமா?

அது வேறு. லேமினேட்டட் என்பது இரண்டு கண்ணாடிக்கு நடுவே பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் தாளை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக்கியது. 8.76 என்றால் 4 + 0.76 + 4. ஒட்டும் பிலிம் சட்டத்துக்குள் போகாது. உடைந்தால் முழுக் கண்ணாடியும் பிலிமோடு கழன்று வரலாம்.

மாடியில் தரை வரை கண்ணாடி, வெளியே கைப்பிடிச் சுவர் இல்லை என்றால் லேமினேட்டட் கட்டாயம். டஃபன்ட் உடைந்தால் அங்கே வெறும் ஓட்டைதான் இருக்கும், குழந்தை நேரே கீழே போய்விடும். லேமினேட்டட் உடைந்தாலும் இடத்தைவிட்டு நகராது.

சாரல் ஊரில் அதன் எதிரி தண்ணீர். ஓரத்தில் தண்ணீர் நின்றால் தாள் வெளுத்துக் குமிழ் விடும். கீழ்ச் சட்டத்தில் வடிகால் துளை அடைபடாமல் பாருங்கள். காடி வாடை அடிக்கும் சிலிக்கான் தாளைக் கெடுக்கும், நியூட்ரல் சிலிக்கான் கேளுங்கள்.

பாளையங்கோட்டை (மறுபடியும்): எங்க பால்கனியில கைப்பிடி இருக்கு. ஆனா டஃபன்ட் சும்மா இருக்கும்போதே வெடிக்கும்னு கேள்விப்பட்டேன்.

வெடிப்பது உண்டு. உள்ளே நிக்கல் சல்பைடு துகள் இருந்தால் பல மாதம் கழித்தும் உடையும். ஹீட் சோக் என்றால், துகள் உள்ள கண்ணாடி தொழிற்சாலையிலேயே உடைந்துபோகும்படி மறுபடி சூடேற்றிச் சோதிப்பது. அப்படிச் செய்த கண்ணாடியில் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறையும். கைப்பிடி இருப்பதால் டஃபன்ட் போதும் என்பேன். லேமினேட்டட்தான் வேண்டும் என்று சொல்லும் மேஸ்திரிகளும் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பகலில் அந்தக் கதவடியில் குழந்தை படுத்துத் தூங்குமானால் நானும் லேமினேட்டட் பக்கம்தான்.

வள்ளியூர்: டஃபன்ட் வந்து இறங்கிட்டு, 3 மி.மீ. பெரிசு. ஓரத்தை உரசிப் பொருத்திடலாமா?

கூடாது. டஃபன்ட் ஆன பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. ஓரத்தை உரசினால் அங்கேயே உடையும், அப்போது தப்பினாலும் பின்னால் உடையும். திருப்பி அனுப்புங்கள். அகலத்தையும் உயரத்தையும் மூன்று இடத்தில் அளந்து, சிறிய அளவை எடுத்து, ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. இடைவெளி விட்டுச் சொல்லுங்கள். கண்ணாடி சட்ட உலோகத்தைத் தொடாதபடி அடியில் இரண்டு ரப்பர் பேக்கிங் வேண்டும். ஸ்லைடிங் கதவில் அவை ரோலருக்கு நேர் மேலே வரணும்.

புதிது வந்ததும் மூலையில் அழியாத முத்திரை இருக்கிறதா பாருங்கள். போலரைஸ்டு கூலிங்கிளாஸ் போட்டுச் சாய்வாகப் பார்த்தால் டஃபன்டில் மங்கலான புள்ளிகளோ பட்டைகளோ தெரியும், சாதாவில் தெரியாது.