மானிட்டர் இல்லாத கணினியில் பயோஸ் திரையும் விண்டோஸ் நிறுவலும்

கேள்வி: மாடி அறையில் மானிட்டர் இல்லாமல் ஓடும் டெஸ்க்டாப்பில் கணினியின் திரையையும் விசைப்பலகையையும் உலாவி வழியாகவே தரும் சிறிய நெட்வொர்க் கேவிஎம் ஒன்றை மாட்டியிருக்கிறேன். லினக்ஸ் ஓடும்போது திரை நன்றாகத் தெரிகிறது. மறுதொடக்கம் செய்தால் பயோஸ் திரை மட்டும் கண்ணிலேயே படுவதில்லை. இதன் வழியாகவே விண்டோஸ் 11 நிறுவ முடியுமா?

பதில்: முடியும். லினக்ஸ் திரை தெரிவதால் உங்கள் எச்டிஎம்ஐ கேபிளும் கருவியும் சரியாகவே இருக்கின்றன. பெரும்பாலும் சிக்கல் நேரத்தில்தான். கணினி மறுதொடக்கம் ஆகும்போது திரையின் ரெசல்யூஷன் மாறும். புதிய சிக்னலைக் கேவிஎம் பிடித்து உலாவிக்கு அனுப்ப ஓரிரு வினாடிகள் ஆகும். அதற்குள் தயாரிப்பாளரின் லோகோ வந்து போய்விடும். ஆகவே படம் வரட்டும் என்று காத்திருந்து டெலீட் விசையை அழுத்தினால் எப்போதும் பிந்திவிடுவீர்கள். விசையைத் துரத்துவதை விட்டுவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸிடமே அடுத்த முறை பயோஸுக்குள் போகச் சொல்லிவிடுங்கள்:

```
sudo systemctl reboot --firmware-setup
```

கணினி யுஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகியிருந்தால்தான் இது வேலை செய்யும். பழைய லெகசி முறை என்றால், திரை கறுப்பாக இருக்கும்போதே டெலீட் விசையைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருப்பதைத் தவிர வழியில்லை.

இப்படிச் செய்தும் ஒரு நிமிடத்துக்கு மேல் கறுப்பாகவே இருந்தால், கணினியில் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். பயோஸ் வழக்கமாகக் கார்டின் வழியாகவே படத்தை அனுப்பும். லினக்ஸோ மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளைக்கும் படம் கொடுக்கக்கூடும். நீங்கள் சொல்லும் அறிகுறி இதற்கும் பொருந்தும். கேபிளைக் கார்டின் துளைக்கு மாற்றினால் தெரிந்துவிடும்.

பயோஸுக்குள் போனபின் மவுஸை நம்பாதீர்கள். இந்தக் கருவிகள் சுட்டியின் இடத்தைத் திரையின் ஆயத்தொலைவாகவே அனுப்பக்கூடியவை. பல பயோஸ்களுக்கு அது புரிவதில்லை. அம்புக்குறி விசைகளும் என்டரும் போதும். இன்னொன்று: கேவிஎம் தனக்கான மின்சாரத்தைக் கணினியின் யுஎஸ்பி துளையிலிருந்தே எடுத்தால், கணினியை அணைக்கும்போது அதுவும் சேர்ந்து அணையக்கூடும், குறிப்பாக, அணைந்திருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்தும் `ErP` அமைப்பு பயோஸில் இயக்கத்தில் இருந்தால். அந்த அமைப்பை நிறுத்துங்கள், அல்லது கருவிக்குத் தனி அடாப்டர் கொடுங்கள்.

இனி நிறுவல். விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ கோப்பு 5 ஜிபிக்கு மேல் இருக்கும். அதை முதலில் கேவிஎம்மின் சேமிப்பகத்துக்கு ஏற்றிவிடுவது நல்லது. பல சிறிய கருவிகளில் இருப்பது 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் என்பதால் அதற்கே ஏழு நிமிடத்துக்குக் குறையாது. பிறகு அதைக் கணினிக்கு மெய்நிகர் வட்டாகக் காட்ட வேண்டும். பலர் தடுக்கி விழும் இடம் இது. டெபியன் போன்ற லினக்ஸ் ஐஎஸ்ஓக்களை யுஎஸ்பி டிரைவாகக் காட்டினாலும் பூட் ஆகும். அவை இரண்டு வேடத்துக்கும் ஏற்றபடி உருவாக்கப்பட்டவை. விண்டோஸ் ஐஎஸ்ஓ அப்படியல்ல. அதை யுஎஸ்பி டிரைவாகக் காட்டினால் பூட் பட்டியலில் பெயர் வந்தாலும் வராவிட்டாலும் பூட் ஆகாது. சிடி-ராம் முறையில்தான் காட்ட வேண்டும். பைகேவிஎம் என்ற கேவிஎம் கருவியின் பழைய பதிப்புகளில் சிடி-ராம் முறைக்கு 2.2 ஜிபி வரம்பு இருந்ததால், பெரிய கோப்பை அது ஏற்க மறுத்தால் மென்பொருளைப் புதுப்பியுங்கள். புதுப்பிக்க வழியில்லாத கருவி என்றால், ஐஎஸ்ஓ கோப்புகளை நேரடியாக பூட் செய்யும் வென்டாய் மென்பொருளை நிறுவிய ஒரு வட்டுப் பிம்பத்துக்குள் ஐஎஸ்ஓவை வைத்து, அந்தப் பிம்பத்தை யுஎஸ்பி டிரைவாகக் காட்டலாம்.

பூட் மெனுவில் மெய்நிகர் சிடியைத் தேர்ந்த உடனே `Press any key to boot from CD or DVD` என்ற வரி வரும். அது சில வினாடிகளே நிற்கும்; முன்பு சொன்ன அதே தாமதத்தால் நீங்கள் அதைப் பார்க்காமலே போகலாம். முதல் முறை நான் இரண்டு தடவை பழைய லினக்ஸுக்கே திரும்பிவிட்டு, ஐஎஸ்ஓ கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி பதிவிறக்கினேன். கோப்பில் குறையே இல்லை. என்டர் கொடுத்த கணத்திலிருந்து, திரையில் எதுவும் தெரியாவிட்டாலும், ஸ்பேஸ் விசையை வினாடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டிருங்கள். கோப்புகளை நகலெடுத்து முடித்து விண்டோஸ் தானாக மறுதொடக்கம் ஆகும்போது அதே வரி மறுபடி வரும். அப்போது எந்த விசையையும் தொடாதீர்கள், தொட்டால் நிறுவல் முதலிலிருந்து தொடங்கும். அந்த மறுதொடக்கத்துக்குப் பிறகு மெய்நிகர் வட்டைக் கழற்றிவிடலாம்.

நிறுவியபின் பயோஸ் பார்க்க வேண்டுமானால், நிர்வாகி உரிமையுடன் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் இதைக் கொடுங்கள்:

```
shutdown /r /fw /t 0
```

கேவிஎம்மின் இணையப் பக்கத்தை ரவுட்டரில் போர்ட் திறந்து வெளியுலகுக்குக் காட்ட வேண்டாம். அதற்குள் நுழைபவர் உங்கள் விசைப்பலகையின் முன் உட்கார்ந்திருப்பவருக்குச் சமம். பைகேவிஎம் வரும்போது அதன் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் `admin` என்றே இருக்கும். முதல் நாளே மாற்றுங்கள். வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமானால் வயர்கார்ட் விபிஎன் வழியாக வீட்டு நெட்வொர்க்குக்குள் வந்தபின் திறந்துகொள்ளுங்கள்.