ஆங்கிலப் பேச்சில் ஒலிகள் விழுவதும் நுழைவதும் ஏன்?

"நெக்ஸ்ட் வீக்" ஏன் "நெக்ஸ் வீக்" என்று கேட்கிறது? "அத்லீட்" ஏன் சிலர் வாயில் "அத்தலீட்" ஆகிறது?

இரண்டும் ஒரே சிக்கலுக்கு இரண்டு தீர்வு. மெய்கள் நெருக்கும்போது அசை சொல்லக் கடினமாகிறது. அப்போது ஒரு ஒலியை விட்டுவிடலாம், அது கெடுதல். இல்லையென்றால் நடுவில் ஓர் உயிரைச் செருகலாம், அது தோன்றல். குறுகிய ஒழுங்கையில் மூன்று சைக்கிள் முட்டிக்கொண்டு வந்தால் ஒன்று விலக வேணும், அல்லது இடையில் வெளி விட வேணும், அவ்வளவுதான்.

"நெக்ஸ்ட் வீக்"கை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். க், ஸ், ட், வ் என நாலு மெய் வரிசையாக நிற்கின்றன, நடுவில் மாட்டிக்கொண்ட ட் தான் விழுகிறது. ஆனால் "நெக்ஸ்ட் அவர்" என்னும்போது அதே ட் பெரும்பாலும் தப்பிவிடும், ஏனென்றால் பின்னால் வரும் உயிரோடு சேர்ந்து "நெக்ஸ்-டவர்" என்று அடுத்த அசைக்குப் போய்விடுகிறது. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த சான்று.

"அத்லீட்"டில் விழ வைக்க வசதியான மெய் இல்லை. த், ல் சேர்ந்து எந்த ஆங்கிலச் சொல்லும் தொடங்குவதுமில்லை. அதனால் சிலர் இடையில் ஒரு சிற்றுயிரை வைத்து மூன்று அசையாக்குகிறார்கள்.

இதைச் சோம்பல், படிப்பில்லாத பேச்சு என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் நன்றாகப் படித்தவர்களும் வேகமாகப் பேசும்போது "நெக்ஸ் வீக்" என்றுதான் சொல்கிறார்கள், "அத்தலீட்"டிலோ வாய்க்கு ஓர் அசை கூடுதல் வேலை.