பழைய போன், புதிய காவல்

அலமாரியில் கிடக்கும் பழைய போனைக் கேமராவாக்கி, என் போனில் வீட்டைப் பார்க்க முடியுமா?

முடியும். காவல் கேமராவுக்கு வேண்டிய லென்ஸ், மைக், வைஃபை மூன்றும் பழைய போனிலேயே இருக்கின்றன. துண்டிக்காமல் விட்ட வீடியோ கால் மாதிரிதான் இது.

இரண்டு போனிலும் AlfredCamera போன்ற ஒரு செயலியை நிறுவி, ஒரே கணக்கில் நுழையுங்கள். பழையதைக் கேமராவாகவும் கையில் இருப்பதைப் பார்ப்பதற்கும் தேர்ந்தெடுத்தால் படம் வந்துவிடும்.

சில மணி நேரத்தில் படம் நின்றுபோனால் பெரும்பாலும் வைஃபை மீது பழி போடுவோம். பல நேரம் காரணம் வேறு: பேட்டரியைச் சேமிக்க ஆண்ட்ராய்டே செயலியை மூடிவிடுகிறது. அந்தச் செயலியின் பேட்டரி அமைப்பில் Unrestricted என்று மாற்றுங்கள்.

அப்புறம், சூடு. நாள் முழுக்க சார்ஜரில் கிடந்தபடி வீடியோ அனுப்பும் போனின் பேட்டரி நாளடைவில் உப்பக்கூடும். எனக்கு அப்படி ஆனது: பின்மூடியின் ஓரம் நகம் நுழையும் அளவு தூக்கியிருந்தது. அப்படிக் கண்டால் உடனே சார்ஜரைக் கழற்றி, அந்தப் போனை ஒதுக்கிவிடுங்கள். இப்படி ஆகாமல் இருக்க, தொடக்கத்திலேயே கேமரா போனின் உறையைக் கழற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஆள் இருக்கும் நேரத்தில் அணைத்து வைத்தால் இன்னும் நல்லது.

இதற்கு சிம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வைஃபை இருந்தால் சிம் தேவையே இல்லை. ஆனால் மின்சாரம் போனால் ரவுட்டரும் அணையும், போனில் சார்ஜ் இருந்தாலும் படம் வராது.