முதுகுவலிக்கு ஏன் ரத்தப் பரிசோதனை? மைலோமா பற்றி வாசகர் கேள்விகள்

எங்கள் நைனாவுக்கு 61 வயது. காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குகிறார். நான்கு மாதமாக முதுகுவலி. பாரம் தூக்குவதால்தான் என்று நினைத்து, கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம், எலும்பு மஜ்ஜையைச் சோதிக்க வேண்டும் என்கிறார்கள். முதுகுவலிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? (வாசகி, ராயபுரம்)

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் இரண்டே வரிகளைப் பாருங்கள் அம்மா. மொத்தப் புரதம் 10.4, அல்புமின் 3.1. கழித்தால் 7.3 வருகிறது. இது குளோபுலின், வழக்கமாக 3.5-க்குள் இருக்க வேண்டும். பக்கத்திலேயே ஹீமோகுளோபின் 8.6, கிரியாட்டினின் 2.4. முதுகுவலியோடு இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எந்த ரத்தநோய் மருத்துவருக்கும் மைலோமா நினைவுக்கு வரும்.

நோயை எதிர்க்கும் ஆன்டிபாடிகளைச் செய்வது மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்கள். எத்தனையோ வகைச் செல்கள் எத்தனையோ வகை ஆன்டிபாடி செய்யும். மைலோமாவில் ஒரு செல் புற்றாக மாறிப் பெருகுகிறது. அதன் வாரிசுகள் அத்தனையும் ஒரே அச்சில் வார்த்ததுபோல ஒரே புரதத்தைக் கொட்டுகின்றன. அதைத்தான் எம் புரோட்டீன் என்கிறோம். இந்தச் செல்கள் முதுகெலும்பையும் அரிப்பதால்தான் வலி. எப்படி என்பது மூன்றாவது பதிலில்.

குளோபுலின் கூடியதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. காசநோயிலும் கல்லீரல் நோயிலும் அது கூடும். அதனால் ரத்தப் புரதங்களை வகைவகையாகப் பிரித்து வரைபடமாகக் காட்டும் எலக்ட்ரோபோரெசிஸ் செய்வார்கள். மற்ற நோய்களில் வரைபடத்தின் கடைசிப் பகுதி அகலமான மேடாக உயரும். மைலோமாவில் கோயில் கோபுரம்போல ஒரே இடத்தில் கூராக நிற்கும். அப்புறம் மஜ்ஜையை எடுத்து, அதில் பிளாஸ்மா செல்கள் 10 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கின்றனவா என்று எண்ணுவார்கள்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்த வலி மாத்திரையை நிறுத்துங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

என் அண்ணனுக்கு மைலோமா. சிறுநீரைப் பட்டை வைத்துப் பார்த்தபோது புரதம் இல்லை என்றார்கள். 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துக் கொடுத்தால் 3.8 கிராம் என்கிறார்கள். எந்த லேப் தவறு? (தண்டையார்பேட்டை)

இரண்டு லேபும் சரிதான். சிறுநீரில் தோய்க்கும் பட்டை பெரும்பாலும் அல்புமினை மட்டுமே காட்டும். உங்கள் அண்ணனுக்குப் போவது அல்புமின் இல்லை, ஆன்டிபாடியின் சிறு துண்டான லைட் செயின். அளவுக்கு மீறி உற்பத்தியாகி, கிட்னியின் சல்லடை வழியே இறங்கிவிடுகிறது. கீழே மெல்லிய குழாய்களில் அங்குள்ள வேறொரு புரதத்தோடு ஒட்டிக் கட்டியாகி அடைக்கிறது. சாக்கடையில் எண்ணெய்ப் பிசுக்கு உறைவதுபோல. அதனால்தான் கிரியாட்டினின் ஏறுகிறது. உடம்பில் தண்ணீர் குறைந்தால் இந்த அடைப்பு வேகமாகும். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பதால், இதே அடைப்பைக் கூட்டும்.

வெயிலில் வாந்தி பேதி என்றால் ஒரு நாளும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இதய நோயோ சிறுநீர் குறைவோ இல்லாவிட்டால், தினமும் 3 லிட்டர் தண்ணீர் குடிக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வலிக்கு பாராசிட்டமால் போதாவிட்டால் அவரே வேறு மருந்து தருவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிலருக்கு லைட் செயின் மட்டுமே உற்பத்தியாகும். அவர்களுக்கு ரத்தத்தில் அந்தக் கோபுரம் தெரியாமலே போகலாம், மொத்தப் புரதமும் கூடாது. ஃப்ரீ லைட் செயின் என்ற ரத்தப் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

எலும்பு ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை என்று வந்தது. பிறகு சிடி எடுத்தால் முதுகெலும்பில் ஓட்டைகள் என்கிறார்கள். எப்படி? (பெரம்பூர்)

நம் எலும்பை ஒருவகைச் செல் அரித்துக்கொண்டே இருக்கும், இன்னொரு வகை செல் பூசி அடைத்துக்கொண்டே இருக்கும். மைலோமா செல்கள் அரிப்பவற்றைத் தூண்டிவிட்டு, பூசுபவற்றை முடக்கிவிடும். எலும்பு ஸ்கேன் என்ற ஐசோடோப் ஸ்கேனில் மருந்து ஒளிர்வது புதிதாக எலும்பு பூசப்படும் இடத்தில். பூச்சு வேலையே நடக்காத ஓட்டை எப்படி ஒளிரும்? அதனால் மைலோமாவுக்கு முழு உடல் சிடி, பெட் சிடி, எம்ஆர்ஐ இவற்றைத்தான் நம்புவோம். அரிபட்ட எலும்பிலிருந்து கால்சியம் ரத்தத்தில் சேரும். தாகம், மலச்சிக்கல், குழம்பிய பேச்சு இருந்தால் கால்சியம் அளவை உடனே பாருங்கள்.

இனி எலும்பு அரிப்பைக் குறைக்க சோலெட்ரானிக் அமிலம் என்ற மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். ஆடும் பல், சொத்தைப் பல் இருந்தால் முதல் ஊசிக்கு முன்பே பிடுங்கிவிடுங்கள். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

அம்மாவுக்கு எம் புரோட்டீன் 0.8 கிராம். மற்றதெல்லாம் நார்மல். இதுவும் புற்றுநோயா? (வியாசர்பாடி)

இல்லை. மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்து, எலும்பு, கிட்னி, ரத்தம் கெடாமல் இருந்தால் இது மைலோமாவுக்கு முந்தைய நிலை. நூறு பேரில் ஒருவருக்கு என்ற அளவில்தான் ஆண்டுதோறும் நோயாக மாறுகிறது. மருந்து வேண்டாம். 6 மாதம் கழித்து அதே லேபில் மறுபடி அளந்து பாருங்கள்.